ஆட்டோ டெபிட்டை நிறுத்தினால் பாலிசி முடிந்துவிடுமா? ஆத்தங்குடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கடந்த பிப்ரவரியில் மனைவியோடு காரைக்குடிக்கு வந்து என்னைப் பார்த்தார். ஆயுள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பாலிசி சேவைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இப்படிப் பலர் காகிதங்களோடு வருவார்கள். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணே, போன ஆடியிலேயே பாலிசியை நிறுத்திட்டேன். ஆறு மாசம் ஆச்சு, பணம் இன்னும் வரலை. யாருக்கு எழுதிப் போடணும்?"

யாருக்கும் எழுத வேண்டியதில்லை. அவர் பாலிசியை நிறுத்தவே இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் போவதை மட்டும்தான் நிறுத்தியிருந்தார். இந்த இரண்டும் ஒன்று என்று நம்பிக் கொண்டிருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், அந்த நம்பிக்கையால் குடும்பங்கள் இழப்பது சின்னத் தொகை இல்லை. அதனால் இந்த ஒரு பாலிசியை எடுத்துக் கொண்டு, கணக்கோடு முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டேன். நிறுவனத்தின் பெயர் தேவையில்லை.

பாலிசி என்ன?

2020 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய எண்டோவ்மென்ட் பாலிசி. அப்போது அவருக்கு வயது 33. காப்பீட்டுத் தொகை 5,00,000 ரூபாய், காலம் 20 வருடம், வருட பிரீமியம் வரி நீங்கலாக 25,000 ரூபாய். லாபத்தில் பங்குள்ள திட்டம். நிறுவனம் இதுவரை ஒவ்வொரு வருடமும் ஆயிரத்துக்கு 40 ரூபாய் போனஸ் அறிவித்திருக்கிறது, அதாவது இவருக்கு வருடத்துக்கு 20,000 ரூபாய். இந்த போனஸ் உடனே கைக்கு வராது. பாலிசியின் பெயரில் சேர்ந்துகொண்டே போய், முதிர்விலோ இறப்பிலோ காப்பீட்டுத் தொகையோடு சேர்த்துக் கொடுப்பார்கள்.

2020 முதல் 2024 வரை ஐந்து பிரீமியம் கட்டியாகிவிட்டது. மொத்தம் 1,25,000 ரூபாய். அதற்கு மேல் ஜிஎஸ்டி முதல் வருடம் 4.5 சதவீதமும் அடுத்த வருடங்களில் 2.25 சதவீதமுமாக 3,375 ரூபாய் போயிருக்கிறது. பாலிசியின் மதிப்பைக் கணக்கிடும்போது இந்த வரித் தொகையைச் சேர்க்க மாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது இனி கட்டுபவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

ஏன் நிறுத்தினார்?

தவணை நாள் ஆகஸ்ட் 5. அது எப்போதும் ஆடி மாதத்துக்குள் விழும். ஆடியில் புதுமனை புகுவிழா கிடையாது, அந்த நேரம் இவர் பட்டறையில் கல் கேட்டு வருபவர்கள் குறைவு. வேலையாட்களுக்குக் கூலி, சிமெண்ட், மணல், நிறப்பொடி என்று செலவு மட்டும் நிற்காது. 2024-இல் அதே நாளில் கணக்கில் பணம் போதாமல் ஆட்டோ டெபிட் திரும்பியது. வங்கி அதற்கு 500 ரூபாயும் அதன் மேல் வரியும் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் பத்து நாள் கழித்துக் கையால் கட்டிச் சமாளித்தார்.

2025-இல் மறுபடியும் அபராதம் கட்ட மனமில்லை. ஜூலைக் கடைசியில் வங்கியின் செயலியைத் திறந்து, நாச் மேண்டேட் பட்டியலில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயருக்கு நேரே இருந்த ரத்து பொத்தானை அழுத்தினார். ரத்தாகிவிட்டது என்று குறுஞ்செய்தியும் வந்தது. 'கட்டுவதை நிறுத்திவிட்டோம், மிச்சத்தை அவர்களே கணக்குப் பார்த்து அனுப்புவார்கள்' என்று நினைத்துக்கொண்டார்.

இங்கேதான் முதல் முடிச்சு. மேண்டேட் என்பது உங்களுக்கும் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே பணம் எடுப்பதற்கான அனுமதி, அவ்வளவுதான். காப்பீட்டு ஒப்பந்தம் வேறு. அனுமதியை ரத்து செய்தால் ஒப்பந்தம் அப்படியே நிற்கும், பிரீமியம் மட்டும் வராமல் போகும். நிறுவனத்தின் கணினிக்குத் தெரிவது "தவணை வரவில்லை" என்ற ஒரு செய்திதான். மறதியால் வரவில்லையா, வேண்டாம் என்று முடிவெடுத்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. பாலிசியை இடையிலேயே முடித்துப் பணம் கேட்கும் சரண்டர் மனு வராமல் எந்த நிறுவனமும் தானாக முன்வந்து சரண்டர் பணம் அனுப்பாது.

அனுமதியை ரத்து செய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தவணை நாளுக்குச் சில வேலை நாட்கள் முன்பே நிறுவனம் தன் பட்டியலை வங்கிக்கு அனுப்பிவிடும். தவணைக்கு முந்தின நாள் ரத்து செய்தால் பலிக்காமல் போகலாம். கணக்கைக் காலியாக வைத்து நிறுத்துவது இன்னும் மோசம், ஒவ்வொரு முறை கேட்பு வந்து திரும்பும்போதும் வங்கி கட்டணம் பிடிக்கும். உண்மையில் நிறுத்த வேண்டுமென்றால் பத்துப் பதினைந்து நாள் முன்பே வங்கியிலும் நிறுவனத்திலும் இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும். இவர் பத்து நாள் முன்பே செய்ததால் பணம் போகவில்லை.

செப்டம்பர் 4 இரவு நடந்தது

வருட, அரையாண்டு, காலாண்டு பிரீமியம் கட்டுகிறவர்களுக்குத் தவணை நாளிலிருந்து 30 நாள் கிரேஸ் காலம் உண்டு. மாதாமாதம் கட்டுகிறவர்களுக்கு 15 நாள். இந்தக் காலத்தில் காப்பீடு முழுதாக உயிரோடு இருக்கும். 2025 ஆகஸ்ட் 5 தவணைக்கு இவருடைய கிரேஸ் செப்டம்பர் 4-இல் முடிந்தது.

அந்த நாள் வரை அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், மனைவிக்குக் காப்பீட்டுத் தொகை 5,00,000, சேர்ந்த போனஸ் 1,00,000, இதில் கட்டாத பிரீமியம் 25,000 கழித்து 5,75,000 ரூபாய் வந்திருக்கும். செப்டம்பர் 5 காலையில் அது 2,25,000 ஆகிவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தி விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது.

2,25,000 எப்படி வந்தது? குறைந்தபட்சத் தவணைகள் கட்டியிருந்தால் பாலிசி செத்துப்போகாது, பெய்ட்-அப் ஆகும். மொத்தம் கட்ட வேண்டியது 20 தவணை, கட்டியது 5. ஆக காப்பீட்டுத் தொகை நாலில் ஒரு பங்காக, 1,25,000 ஆகச் சுருங்கும். ஏற்கெனவே சேர்ந்த போனஸ் 1,00,000 அப்படியே இருக்கும். இரண்டும் சேர்ந்து 2,25,000. இனி பிரீமியம் கட்ட வேண்டாம். இனி போனஸும் சேராது. 2040 ஆகஸ்ட் வரை அந்தத் தொகை அசையாமல் அங்கேயே நிற்கும். முதிர்விலோ, அதற்கு முன் இறப்பு நேர்ந்தாலோ அதே தொகைதான் வரும்.

இது ஐந்து தவணை கட்டிய பாலிசி என்பதால்தான் இப்படி. இவர் வாங்கிய காலத்து விதிப்படி இரண்டு முழு வருட பிரீமியமாவது கட்டியிருந்தால்தான் பெய்ட்-அப் மதிப்பும் சரண்டர் மதிப்பும் உருவாகும். ஒரே தவணையோடு ஆட்டோ டெபிட்டை நிறுத்தியிருந்தால் கிரேஸ் முடிந்த பின் புதுப்பிக்காவிட்டால் கட்டியது முழுக்கப் போயிருக்கும். 2024 அக்டோபர் முதல் விற்கும் திட்டங்களில் இது மாறியிருக்கிறது. முதல் வருடம் முடிந்து, அந்த ஒரு வருட பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே சரண்டர் மதிப்பு உண்டு. உங்கள் பாலிசிப் பத்திரத்தில் தொடங்கிய தேதியைப் பார்க்காமல் எந்த விதி பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் இந்தப் பேச்சே கிடையாது. பொதுவாக அவற்றில் பெய்ட்-அப்பும் இல்லை, சரண்டர் பணமும் இல்லை. கட்டுவதை நிறுத்திக் கிரேஸும் தாண்டினால் காப்பு முடிந்தது. பிரீமியத்தைச் சந்தையில் முதலீடு செய்யும் யூலிப் வேறு கதை, அதில் ஐந்து வருடத்துக்கு முன் பணம் வெளியே வராது.

சரண்டர் செய்தால் எவ்வளவு?

தம்பதி இருவரும் வந்த அன்றே நிறுவனத்திடம் சரண்டர் மதிப்புக்கான தாளைக் கேட்டு வாங்கினோம். மனுக் கொடுத்தால் இதை எழுத்தில் கொடுப்பார்கள், கேட்பதால் பாலிசிக்கு எதுவும் ஆகாது. அதில் இரண்டு கணக்கு இருந்தது. உத்தரவாத சரண்டர் மதிப்பு: கட்டிய 1,25,000-இல் பாதி, அதாவது 62,500, அதோடு போனஸுக்கு 17 சதவீதம், 17,000. மொத்தம் 79,500. இந்தப் பாதி என்பது நாலாம் வருடம் முதல் ஏழாம் வருடம் வரை சரண்டர் செய்வோருக்கான குறைந்தபட்ச அளவு. அடுத்தது சிறப்பு சரண்டர் மதிப்பு: பெய்ட்-அப் மதிப்பான 2,25,000-இல் 36 சதவீதம், 81,000. இரண்டில் எது அதிகமோ அதுதான் கிடைக்கும். ஆக 81,000.

அவர் முகம் வாடிவிட்டது. "ஒண்ணேகால் லட்சம் கட்டியிருக்கேன், எண்பத்தோராயிரம் தர்றாங்களா? அப்ப விட்டுடலாம்ணே, பத்திரமா 2040-லயே வாங்கிக்குவோம். ரெண்டேகால் லட்சம் வருதுல்ல."

இந்த இடத்தில் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். 44,000 ரூபாய் நஷ்டம் சரண்டர் செய்வதால் வருவது என்று தோன்றும். உண்மையில் அது முன்பே போய்விட்டது. முகவர் கமிஷன், பாலிசி வழங்கிய செலவு, ஐந்து வருடக் காப்பின் விலை எல்லாம் ஆரம்ப வருடங்களிலேயே பிரீமியத்திலிருந்து கழிந்துவிடும். நம் ஊர்க் கணக்குப் பிள்ளைகள் ஐந்தொகை எடுக்கும்போது வசூலாகாது என்று தெரிந்த கடனைச் சொத்துப் பக்கம் காட்ட மாட்டார்கள். அதே மாதிரி, இன்றைய தேதியில் இந்தப் பாலிசியின் மதிப்பு 81,000. 1,25,000 என்பது பழைய பற்று.

இனி கேள்வி ஒன்றுதான்: 81,000 இன்று, 2,25,000 பதினாலரை வருடம் கழித்து, எது மேல்? 81,000 வருடத்துக்கு 7 சதவீதத்தை ஒட்டிக் கூட்டு வட்டியில் வளர்ந்தால் அந்தக் காலத்தில் 2,25,000-ஐத் தொடும். அதாவது பெய்ட்-அப்பாக விட்டால் அந்தப் பணம் ஏறக்குறைய 7 சதவீதத்தில் பூட்டிக் கிடக்கிறது. கூடவே இடையில் இறப்பு நேர்ந்தால் முழு 2,25,000-உம் வரும் என்ற சின்னக் காப்பும் இருக்கிறது. இது கொள்ளையும் இல்லை, லாபமும் இல்லை. நிறுவனம் தன் பக்கம் நட்டம் வராதபடி இரண்டையும் சமமாகவே வைத்திருக்கிறது.

அதனால் முடிவு பாலிசிக்குள் இல்லை, வீட்டுக் கணக்கில் இருக்கிறது. கேட்டேன். சிமெண்ட் கடைப் பாக்கிக்காக ஒருவரிடம் 60,000 ரூபாய் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. ஒரு பக்கம் 7 சதவீதத்தில் சொந்தப் பணம் பூட்டிக் கிடக்க, இன்னொரு பக்கம் 24 சதவீதத்துக்குக் கடன் ஓடுகிறது. சும்மா பெய்ட்-அப்பாக விட்டுவிடலாம் என்ற யோசனை இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது. காப்பு வேண்டாதவர் என்றால் அன்றே சரண்டர் செய்து கடனை அடை என்றுதான் சொல்லியிருப்பேன். தேவகோட்டையில் பிள்ளைகள் எல்லாம் தலையெடுத்துவிட்ட ஓர் அம்மாவுக்கு அதையே சொன்னேன், அவர் சரண்டர் செய்தது சரியான முடிவு.

மனைவி கேட்ட கேள்வி

அதுவரை பேசாமல் இருந்த மனைவி கேட்டார்: "அண்ணே, மறுபடியும் கட்டினா பழையபடி ஆகுமா?"

ஆகும். ஆட்டோ டெபிட் நிறுத்தத்துக்கும் சரண்டருக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். சரண்டர் மனுவில் கையெழுத்துப் போட்டு, அசல் பத்திரத்தைக் கொடுத்து, பணம் கணக்கில் ஏறிவிட்டால் அந்த ஒப்பந்தம் முடிந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் அதே வயதுக்கு, அதே பிரீமியத்துக்குத் திரும்பக் கிடைக்காது. கட்டாமல் நின்ற பாலிசிக்கோ, இந்த வகைத் திட்டங்களில், முதலில் விடுபட்ட தவணையிலிருந்து ஐந்து வருடத்துக்குள் புதுப்பிக்கும் உரிமை உண்டு. யூலிப்புக்கு மூன்று வருடம். இவருக்கு 2030 ஆகஸ்ட் வரை கதவு திறந்திருக்கிறது.

ஆனால் திறந்த கதவு என்றாலும் காவல் உண்டு. பாக்கித் தவணையும் தாமத வட்டியும் கட்ட வேண்டும். கூடவே உடல்நல உறுதிமொழி கொடுக்க வேண்டும், நிறுவனம் கேட்டால் மருத்துவப் பரிசோதனையும் செய்ய வேண்டும். புதுப்பிப்பை ஏற்பதும், கூடுதல் பிரீமியம் கேட்பதும், மறுப்பதும் நிறுவனத்தின் உரிமை. பாலிசி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் இடையில் என்ன வியாதி வந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. நின்ற பிறகு வந்த வியாதி கேள்விக்குரியதாகிவிடும். இவருக்கு அதுதான் நடந்தது. டிசம்பரில் கால் புண்ணுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்தது.

"அதைப் போடாம விட்டா என்னண்ணே? மாத்திரைதானே சாப்பிடறேன்" என்றார். கூடாது என்று கறாராகச் சொன்னேன். காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 45-ஆம் பிரிவுப்படி மூன்று வருடம் கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த மூன்று வருடத்தைப் பாலிசி வழங்கிய நாள், காப்பு தொடங்கிய நாள், புதுப்பித்த நாள் ஆகியவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ணச் சொல்கிறது சட்டம். இவர் 2020-இல் வாங்கிய பாலிசி 2023-லேயே அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டது. கட்டாமல் விட்டுப் புதுப்பித்தால் கடிகாரம் மறுபடியும் முதலிலிருந்து ஓடும். 2029-க்குள் ஏதாவது நேர்ந்து, சர்க்கரையை மறைத்தது மருத்துவமனைக் காகிதத்தில் தெரிந்தால், மனைவி அலைய வேண்டியிருக்கும். பொத்தானை அழுத்திய அன்று அவர் இழந்தவற்றில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பணத்தை வட்டியோடு கட்டிவிடலாம், போன மூன்று வருடத்தைக் கட்ட முடியாது.

புதுப்பிப்பது லாபமா?

இதற்கும் கணக்கு இருக்கிறது. முழுப் பாலிசியையும் முதலிலிருந்து பார்த்தால், வருடம் 25,000 வீதம் 20 வருடம் கட்டி, இதே அளவு போனஸ் தொடர்ந்தால், முடிவில் 9,00,000 வரும். வருட விகிதம் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். 2020-இல் கேட்டிருந்தால் இதைவிட மலிவான டெர்ம் காப்பும், தனிச் சேமிப்பும் நல்லது என்றிருப்பேன். ஆனால் கேள்வி 2026-இல் வருகிறது. இனி கட்டப் போவது 15 தவணை, 3,75,000 ரூபாய். அதனால் கூடுதலாகக் கிடைப்பது 9,00,000-க்கும் 2,25,000-க்கும் உள்ள வித்தியாசம், 6,75,000. இந்தப் புதுப் பணத்துக்கான விகிதம் 7 சதவீதத்தை ஒட்டி வருகிறது. தொடக்கச் செலவெல்லாம் பழைய தவணைகளிலேயே கழிந்துவிட்டதால்தான் மிச்ச வருடங்கள் இப்படி மேலாகத் தெரிகின்றன. போனஸுக்கு உத்தரவாதம் இல்லை, குறையலாம் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அதற்கு மேல், சர்க்கரை உள்ள 39 வயதுக்காரருக்கு இப்போது புது டெர்ம் பாலிசி பழைய விலைக்குக் கிடைப்பது கடினம். கூடுதல் பிரீமியம் கேட்கலாம், தள்ளிப் போடலாம், மறுக்கவும் செய்யலாம். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். வேறு காப்பு ஒன்றும் இல்லை. புதுக் காப்பு கையில் வருவதற்கு முன் பழையதை யாரும் விடக் கூடாது, இவர் நிலையில் இருப்பவர் கண்டிப்பாக விடக் கூடாது.

சரி, கடனுக்கு என்ன வழி? பாலிசியின் மேலேயே கடன் வாங்கலாம். இந்த நிறுவனத்தில் ஓடும் பாலிசிக்குச் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை, பெய்ட்-அப்புக்கு 80 சதவீதம் வரை தருகிறார்கள். வட்டி 9.5 சதவீதம். பெய்ட்-அப்பாக இருக்கும்போதே 64,800 வரை வாங்கலாம். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கடன் 9.5 சதவீதத்தில் வளரும், சரண்டர் மதிப்பு 7 சதவீதத்தை ஒட்டித்தான் வளரும். வட்டியைக் கட்டாமல் விட்டால் ஒரு நாள் கடன் மதிப்பைத் தாண்டும், அன்று நிறுவனம் பாலிசியை முடித்துக் கணக்கைத் தீர்த்துவிடும். புதுப்பித்தால் ஆறாவது தவணையும் சேர்ந்து சரண்டர் மதிப்பு ஒரு லட்சத்தை ஒட்டி ஏறும், தாராளமாக 60,000 வாங்கலாம், காப்பும் முழுதாக இருக்கும். வருட வட்டி 14,400-க்குப் பதில் 5,700.

என்ன முடிவெடுத்தார்கள்?

இரண்டு நாள் யோசித்துப் புதுப்பிக்க முடிவெடுத்தார்கள். பாக்கி 25,000-உம் தாமத வட்டி ஆயிரத்து இருநூறை ஒட்டியும் மனைவியின் சீட்டுப் பணத்திலிருந்து வந்தது. உறுதிமொழிப் படிவத்தில் சர்க்கரை, எப்போது தெரிந்தது, என்ன மாத்திரை எல்லாம் எழுதி, டிசம்பர் பரிசோதனைத் தாளையும் இணைத்தோம். நிறுவனம் மூன்று மாதச் சராசரி காட்டும் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டது, கட்டணம் அவருடையது. அளவு கட்டுக்குள் இருந்ததால் பழைய பிரீமியத்துக்கே ஏற்றுக்கொண்டார்கள். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். அளவு கூடியிருந்தால் நானே பெய்ட்-அப்போடு நிறுத்திக் கடனை மட்டும் வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஏற்றுக்கொண்ட கடிதம் வரும் வரை பணத்தைக் கட்டியிருந்தாலும் முழுக் காப்பு திரும்பியதாக எண்ணக் கூடாது. அந்தப் பணம் வைப்பாகத்தான் கிடக்கும். ஏஜென்டோ கிளைக்காரரோ "கட்டிட்டீங்கல்ல, முடிஞ்சுது" என்று சொன்னாலும், புதுப்பித்த தேதி அச்சிட்ட கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு வைக்க வேண்டும். அந்தத் தேதிதான் நாளைக்கு மூன்று வருடக் கணக்குக்கு ஆதாரம்.

அதன் பிறகு பாலிசிக் கடன் 60,000 வாங்கி இரண்டு வட்டிக் கடனை அடைத்தார். இரண்டு வருடத்தில் அசலை அடைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடைக்காவிட்டால் முதிர்வுத் தொகையிலோ, குடும்பத்துக்கு வரும் தொகையிலோ அசலும் வட்டியும் கழியும் என்பதை மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.

ஆடிப் பிரச்சினை மிச்சம் இருந்தது. தவணை நாளை நகர்த்த முடியாது, அது தொடங்கிய தேதியோடு கட்டுண்டது. செலுத்தும் முறையை மாற்றலாம். 2026 ஆகஸ்ட் முதல் மாதத் தவணைக்கு மாற்ற மனு கொடுத்திருக்கிறோம். வருட மொத்தத்தில் கொஞ்சம் கூடும், ஆனால் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆடியிலும் அவரால் முடியும். மாத முறையில் கிரேஸ் 15 நாள்தான் என்பதால் ஒரு தவணை திரும்பினால் அந்த வாரமே கையால் கட்டியாக வேண்டும். புது மேண்டேட்டைப் பட்டறையின் நடப்புக் கணக்கில் போடாமல், மனைவியோடு சேர்ந்த சேமிப்புக் கணக்கில் போட்டோம். குறுஞ்செய்தி போகும் கைபேசி எண்ணையும் மனைவியுடையதாக நிறுவனத்தில் மாற்றிக் கொடுத்தாகிவிட்டது.